தலைக்கு 3,000, மூன்று நாள்: பொதுப்பணம் நடுவழியில் தீராமல் இருக்க

"நாங்க 8 பேர், கிருஷ்ணகிரியில காலேஜ் கடைசி வருஷம். மூணு நாள் ஒகேனக்கல், ஏற்காடு போகலாம்னு இருக்கோம். தலைக்கு 3,000 ரூபாய், அதுக்கு மேல ரெண்டு பேரால முடியாது. போன தடவை பொதுவா காசு போட்டும் ரெண்டாம் நாளே தீர்ந்துபோய் சண்டை ஆயிடுச்சு. இந்தத் தடவை எப்படிப் பிரிக்கிறது, எப்படிக் கட்டுப்படுத்துறது?"

முடியும், பஸ்ஸில் போவதாக இருந்தால். நான் தருமபுரியில் ஒரு கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். 14 வருடமாக மாணவர்களோடு டூர் போய்க் கணக்கு எழுதியிருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன். பணத்தை எப்படிப் பிரிப்பது, எந்த வரிசையில் ஒதுக்குவது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். கீழே நான் போடும் வாடகையும் கட்டணமும் கணக்குக்காகப் போட்டவை. சனி, ஞாயிறு, மே மாதம், ஆடிப்பெருக்கு என்று நாளைப் பொறுத்து அவை ஏறி இறங்கும். போன் போட்டு விசாரித்து உங்கள் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள். முறை மாறாது.

முதலில் வண்டி. எட்டுப் பேர் என்றதும் வேன் பேசிவிடலாம் என்று ஒருவர் சொல்வார், எல்லோருக்கும் அது பிடித்துவிடும். உங்கள் பாதையைக் கூட்டிப் பாருங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி, பென்னாகரம் வழியாக ஒகேனக்கல், திரும்பத் தருமபுரி வந்து சேலம், ஏற்காடு, அப்புறம் வீடு. மொத்தம் 380 கிலோமீட்டர் சுமாருக்கு வரும். ஆனால் வெளியூர் வாடகையில் நாள் ஒன்றுக்குக் குறைந்தது இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு கணக்கு உண்டு, பெரும்பாலும் 250. வண்டி ஏற்காட்டில் நாள் முழுக்கச் சும்மா நின்றாலும் 250 கிலோமீட்டருக்குக் காசு. மூன்று நாளைக்கு 750. கிலோமீட்டர் 22 ரூபாய் என்று வைத்தால் 16,500. டிரைவர் பேட்டா, வழியில் வரும் டோல், பார்க்கிங் எல்லாம் சேர்ந்தால் 18,000-ஐத் தாண்டும். உங்களிடம் இருப்பதே 24,000. மீதி 6,000-இல் எட்டுப் பேர் இரண்டு இரவு தங்கி மூன்று நாள் சாப்பிட முடியாது. நான் படித்த காலத்தில் இந்தக் குறைந்தபட்சக் கிலோமீட்டரைக் கேட்காமல் வேன் பேசிவிட்டுப் போனோம். இறங்கும்போது டிரைவர் சீட்டை நீட்டினார். நாங்கள் ஓடிய தூரத்தைச் சொல்லி வாதாடினோம், அவரோ பேசிய பேச்சைச் சொன்னார். நியாயம் அவர் பக்கம்தான். கேட்காதது எங்கள் தவறு. அன்று நான்கு பேர் மோதிரமும் வாட்ச்சும் அடகு வைக்கிற நிலைமைக்கு வந்து, கடைசியில் ஒரு நண்பனின் அப்பா வந்து பணம் கட்டினார்.

பஸ் என்று முடிவானால் மீதிக் கணக்கு சுலபம். எல்லாச் செலவையும் கூட்டி, மிஞ்சினால் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி மிஞ்சவே மிஞ்சாது. 24,000-இல் பத்தில் ஒரு பங்கு, 2,400-ஐ முதலிலேயே எடுத்துத் தனி ஆளிடம் கொடுத்துவிடுங்கள். இனி உங்கள் டிரிப் 21,600 ரூபாய் டிரிப். அதில் பஸ்ஸுக்குத் தலைக்கு 400 வீதம் 3,200. ஒகேனக்கலில் நான்கு பேருக்கு ஒரு அறையாக இரண்டு அறை, ஏற்காட்டில் அதே மாதிரி இரண்டு அறை, இரண்டு இரவுக்கும் சேர்த்து 7,600. ஏற்காட்டு வாடகை கொஞ்சம் அதிகமாக இருக்கும் என்று பார்த்து ஒதுக்குங்கள். அறை பேசும்போது வரியோடு சேர்த்தா, கூடுதல் படுக்கைக்குத் தனியாகவா, எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். பரிசலில் நான்கு பேர் கணக்கு, ஆகவே உங்களுக்கு இரண்டு பரிசல், 3,000 வைத்துக்கொள்வோம். (ஒன்பதாவதாக ஒருவர் சேர்ந்தால் மூன்றாவது பரிசல் எடுக்க வேண்டும். ஆள் சேர்ந்தால் செலவு குறையும் என்பது எப்போதும் சரியல்ல.) ஏற்காட்டில் ஏரி, அண்ணா பூங்கா, லேடீஸ் சீட் பக்கமெல்லாம் நடந்தே பார்க்கலாம். பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில் இரண்டுக்கு மட்டும் அரை நாள் வண்டி, 1,200. நுழைவுச்சீட்டு, படகு என்று 600. எல்லாம் போக மிச்சம் 6,000. அதுதான் சாப்பாடும் டீயும்.

இந்த 6,000-ஐத்தான் நீங்கள் உண்மையில் கட்டுப்படுத்த வேண்டும். பஸ், அறை, பரிசல் எல்லாம் முன்கூட்டியே தெரிந்த தொகை, அவை உங்களை ஏமாற்றாது. போன தடவை உங்கள் பணம் தீர்ந்தது அறையில் இருந்திருக்காது, டீக்கடையிலும் சோற்றுக் கடையிலும்தான் இருந்திருக்கும். இதை மூன்றால் வகுத்து நாளுக்கு 2,000 என்று வைக்காதீர்கள். வேளையை எண்ணுங்கள். முதல் நாள் காலை வீட்டிலோ ஹாஸ்டலிலோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவீர்கள், மூன்றாம் நாள் இரவு வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். ஆகவே முதல் நாள் இரண்டு வேளை, இரண்டாம் நாள் மூன்று, மூன்றாம் நாள் இரண்டு, மொத்தம் ஏழு வேளை. முதல் நாளுக்கு 1,800, இரண்டாம் நாளுக்கு 2,400, மூன்றாம் நாளுக்கு 1,800 என்று பிரித்தால் கையில் இருப்பதும் வயிறு கேட்பதும் ஒத்துப்போகும். சமமாகப் பிரித்தால் முதல் நாள் 200 ரூபாய் மிஞ்சியது போலத் தெரியும், அந்த 200 அன்றைக்கே பஜ்ஜியாகப் போய்விடும். அப்புறம் இரண்டாம் நாள் குறையும்.

ஒகேனக்கலில் மீன்தான் முதல் சோதனை. அங்கே மீனை வாங்கிக் கொடுத்தால் பக்கத்திலேயே சமைத்துத் தரும் அம்மாக்கள் இருக்கிறார்கள். அருமையாக இருக்கும், விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் மீன் விலை தனி, சமைக்கிற கூலி தனி, எண்ணெய், மசாலா, சோறு தனி என்று துண்டு துண்டாக வரும். தராசில் மீன் ஏறும்போது கேட்கிற விலையைத்தான் மொத்தச் செலவு என்று நினைத்துவிடுகிறோம். மீன் வாங்கும் முன்பே சமைக்கிறவரிடம் போய், "எட்டுப் பேருக்குச் சோறு, குழம்பு, வறுவல், எல்லாம் சேர்த்து எவ்வளவும்மா?" என்று ஒரே தொகையாகக் கேளுங்கள். அந்தத் தொகையை எழுதிக்கொண்டு, மிச்சத்தில் எவ்வளவு மீன் வாங்கலாம் என்று பாருங்கள். இன்னொன்று. எட்டுப் பேரில் மீன் சாப்பிடாதவர் இருந்தால், அவருடைய சாப்பாட்டுக்கு ஆகிற அளவு எல்லோருக்கும் பொதுப்பணத்தில் இருந்து போகட்டும். அதற்கு மேல் மீனுக்கு ஆகிறதைச் சாப்பிடுகிறவர்கள் சொந்தக் காசில் போட வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர் இதைத் தானாகக் கேட்க மாட்டார், கேட்டால் கஞ்சன் என்று பெயர் வந்துவிடும் என்று பயப்படுவார். அதனால் கிளம்பும் முன்பே இதைப் பேசி முடித்துவிடுங்கள். எண்ணெய் மசாஜ், சாவி வளையம், போட்டோ, சரக்கு எதுவும் பொதுப்பணத்தைத் தொடக் கூடாது.

இப்போது முதல் நாள் கை மீறிவிட்டது என்று வையுங்கள். 1,800 ஒதுக்கியிருந்தீர்கள், மீன் குழம்பு, இரவு பரோட்டா, நாலு முறை டீ எல்லாம் சேர்ந்து 2,350 ஆகிவிட்டது. 550 அதிகம். அன்று இரவே இது தெரிந்தால் பெரிய விஷயமே இல்லை. சாப்பாட்டுக்கு மீதி 3,650 இருக்கிறது, இன்னும் ஐந்து வேளை. வேளைக்கு எட்டுப் பேருக்கும் சேர்த்து 730, தலைக்கு 91 ரூபாய். திட்டப்படி போயிருந்தால் 105. வேளைக்குத் தலைக்கு 14 ரூபாய்தான் வித்தியாசம். ஒரு டீயைக் குறைத்தால் சரியாகிவிடும். தெரியாமல் இரண்டாம் நாளும் அதே வேகத்தில் போய் 2,900 செலவழித்தால், மூன்றாம் நாள் காலை இரண்டு வேளைக்கு மிஞ்சுவது 750. தலைக்கு வேளைக்கு 47 ரூபாய். அங்கேதான் "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பிக்கும். இரண்டும் ஒரே குழு, ஒரே மீன் குழம்பு. முதல் இரவு பத்து நிமிடம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்களா இல்லையா என்பது மட்டும்தான் மாறியது. கணக்குப் பார்க்க ஏதாவது ஒரு அடையாளம் வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: முதல் இரவு முடியும்போது சாப்பாட்டுப் பணத்தில் 3-இல் 1 பங்குக்கு மேல், அதாவது 2,000-க்கு மேல் போயிருந்தால், மறுநாள் காலையே மாற்றிக்கொள்ள வேண்டும்.

பணம் ஒருவரிடமும் நோட்டு இன்னொருவரிடமும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் அவர் நல்லவராக இருந்தாலும் சந்தேகம் வரும், அவருக்கும் அது பாரம். ஒரு சின்ன நீள நோட்டில் நேரம், என்ன, எவ்வளவு, கையில் மீதி என்று நான்கு பத்தி போட்டு எழுதுங்கள். போனில் கணக்கு வைக்கிற செயலிகளும் இருக்கின்றன. அவை செலவுக்குப் பிறகு யார் யாருக்குத் தர வேண்டும் என்று பிரித்துச் சொல்வதில் கெட்டிக்கார செயலிகள். உங்களுக்கு வேண்டியதோ, செலவுக்கு முன்னால் கையில் எவ்வளவு இருக்கிறது என்ற ஒற்றை எண். அது நோட்டின் கடைசிப் பத்தியில் கண்ணுக்கு முன்னால் இருக்கும். ஜிபே வழியாகப் பணம் சேர்த்தால், சேர்க்கிறவர் தன் சொந்தப் பணத்தோடு கலக்காத கணக்கில் வாங்கட்டும். கலந்துவிட்டால், "என் கணக்கில் இன்னும் இருக்கே" என்று தன் பணத்தையே பொதுப்பணம் என்று நினைத்துச் செலவழித்துவிடுவார். சாப்பாட்டுப் பணத்தில் பெரும்பகுதியை ரூபாய் நோட்டுகளாக, நாள் வாரியாக மூன்று கவரில் வைத்துவிட்டால் இன்னும் நல்லது. முதல் நாள் கவர் மெலிவது எல்லோருக்கும் கண்ணால் தெரியும்.

இரவில் எண்ணும்போது நோட்டும் கையிருப்பும் 20, 30 ரூபாய் ஒத்துப்போகாவிட்டால் விட்டுவிடுங்கள். 100-ஐத் தாண்டினால் தேடுங்கள். பெரும்பாலும் அது பஸ்ஸில் போயிருக்கும். எட்டு டிக்கெட்டையும் ஒருவர் 500 ரூபாய் நோட்டு நீட்டி எடுப்பார், கண்டக்டரிடம் சில்லறை இருக்காது, டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுப்பார். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் ஒகேனக்கல் வண்டி நிற்கிறது என்று கேட்டதும் எல்லோரும் குதித்து ஓடுவீர்கள். அந்தச் சீட்டு சட்டைப் பையிலேயே இருந்துவிடும், கண்டக்டர் அடுத்த டிரிப் போய்விடுவார். என் கணக்கில் இப்படிப் போனது கொஞ்சமல்ல. அதனால் டிக்கெட் எடுக்கிறவர் இறங்கும் முன் அந்தச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று இப்போது என் மாணவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

யார் எவ்வளவுக்கு முடிவெடுக்கலாம் என்பதையும் எழுதி வைத்துவிடுங்கள். திட்டத்தில் இருக்கிற செலவுக்குப் பணம் வைத்திருப்பவர் யாரையும் கேட்க வேண்டாம். திட்டத்தில் இல்லாத செலவு 200 ரூபாய் வரை என்றால் நோட்டு எழுதுகிறவர் ஒத்துக்கொண்டால் போதும். அதற்கு மேல் என்றால் எட்டுப் பேரும் சரி சொல்ல வேண்டும், ஒருவர் வேண்டாம் என்றால் பொதுப்பணம் திறக்காது, வேண்டியவர்கள் சொந்தக் காசில் செய்துகொள்ளலாம். ஒருவர் சொல்லுக்கு இவ்வளவு மதிப்பா என்று கேட்பார்கள். 3,000-க்கு மேல் முடியாது என்று சொன்ன அந்த இரண்டு பேருக்காகத்தான் இந்த விதி. பெரும்பான்மை ஓட்டு என்று வைத்தால் அவர்கள் எப்போதும் தோற்பார்கள். வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லவும் கூச்சப்படுவார்கள், அதனால் கையை உயர்த்தச் சொல்லாமல் வாட்ஸ்அப்பில் நோட்டு எழுதுகிறவருக்குத் தனியாகச் சொல்லட்டும். அவர் "ஒருத்தருக்கு வேண்டாம்" என்று மட்டும் அறிவித்தால் போதும், யார் என்று சொல்லத் தேவையில்லை. அதே போல, "நான் இப்போ போட்டுடறேன், அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதைத் தடுத்துவிடுங்கள். சொல்கிறவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அந்த 'அப்புறம்' வரும்போது டிரிப் முடிந்திருக்கும், எல்லோர் கையும் காலியாக இருக்கும், போட்டவர் ஆறு மாதம் கேட்கவும் முடியாமல் விடவும் முடியாமல் இருப்பார்.

கடைசி நேரத்தில் ஒருவர் வரவில்லை என்றால் என்ன செய்வது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஒருவர் குறைந்தால் அவருடைய பஸ் காசும் சாப்பாடும் மிச்சம். அறை, பரிசல், ஏற்காட்டு வண்டி மூன்றும் ஏழு பேர் போனாலும் அதே தொகைதான். 7,600, 3,000, 1,200 மூன்றையும் கூட்டினால் 11,800. எட்டால் வகுத்தால் தலைக்கு 1,475. ஆகவே பத்து நாள் முன்னாலேயே தலைக்கு 1,500 முன்பணமாக வாங்கிவிடுங்கள். வராதவருக்கு அது திரும்ப வராது, அவர் வேறு ஒருவரைத் தன் இடத்தில் சேர்த்துவிட்டால் தவிர. இது அபராதம் இல்லை, அவர் பங்கை மற்ற ஏழு பேர் தலையில் போடாமல் இருக்கிற வழி. மீதி 1,500-ஐக் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் வாங்குங்கள். பஸ் ஸ்டாண்டில் வந்து தருகிறேன் என்பவருக்காகக் காத்திருக்காதீர்கள்.

பரிசல் விஷயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கர்நாடகத்தில் மழை பெய்து கபினியிலும் கிருஷ்ணராஜசாகரிலும் தண்ணீர் திறந்தால் இங்கே காவிரியில் நீர்வரத்து ஏறும், மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளிப்பதற்கும் தடை போட்டுவிடும். ஜூலை, ஆகஸ்டில் இது அடிக்கடி நடக்கிறது. கிளம்பும் முன்நாள் செய்தியைப் பார்த்துவிடுங்கள். தடை என்றால் உங்கள் கையில் திடீரென்று 3,000 ரூபாய் சும்மா நிற்கும். அந்தப் பணம்தான் டிரிப்பிலேயே ஆபத்தான பணம். ஒகேனக்கல் வந்தும் பரிசல் ஏறவில்லையே என்ற ஏமாற்றத்தில் அதை இன்னொரு கிலோ மீனாகவும், இன்னும் நல்ல அறையாகவும் மாற்றச் சொல்லி மனசு கேட்கும். முதலிலேயே எழுதிவிடுங்கள்: பரிசல் ஓடாவிட்டால் அந்தப் பணத்தில் பாதி வேறு எதற்காவது, எட்டுப் பேரும் சரி என்றால் மட்டும். மீதிப் பாதி ஊர் திரும்பியதும் தலைக்குத் தலை திருப்பித் தரப்படும். தடையை மீறிப் பரிசலில் ஏற்றிவிடுகிறேன் என்று யாராவது தனியாக அழைத்தால் போகாதீர்கள். அது காசுக் கணக்கில் வராத ஆபத்து.

தனியாக எடுத்து வைத்த 2,400-ஐ மூன்று காரணத்துக்கு மட்டும் திறக்கலாம்: ஒருவருக்கு உடம்பு சரியில்லை, ஊர் திரும்ப வேறு வழியில்லை, பேசிய அறை கிடைக்காமல் போனது. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டால் இரவில் வண்டி பேசுவது இந்தப் பணத்தை அப்படியே விழுங்கிவிடும். அதனால் மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டை முடித்த கையோடு கடைசி பஸ் நேரத்தை விசாரித்து, அதற்கு முந்தைய பஸ்ஸில் இறங்குங்கள்.

சேலத்திலிருந்து கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறியதும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கையில் இருக்கும். எல்லோரும் தூங்கும் முன் நோட்டைத் திறந்து கடைசிக் கணக்கை முடித்துவிடுங்கள். 2,400-ஐ யாரும் தொடவில்லை என்றால் தலைக்கு 300. சாப்பாட்டில் மிஞ்சியது இருந்தால் அதோடு சேர்த்து, பஸ் தொப்பூர் தாண்டும் முன் அவரவர் போனுக்கு அனுப்பிவிடுங்கள், நோட்டின் பக்கங்களைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டுவிடுங்கள்.